படம் மட்டும் வந்தால் என்ன பதில் போடுவது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11:20-க்குக் கடை போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அட்டைப்பெட்டி ஒன்று, ஒரு மூலை உள்ளே போய், ஒட்டிய டேப் ஒரு பக்கம் வாய் பிளந்து, அந்தப் பிளவில் நாங்கள் அடைத்த வைக்கோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு எழுத்து இல்லை. வணக்கம் இல்லை, திட்டு இல்லை, கேள்விக்குறிகூட இல்லை.

நாங்கள் சேரன்மகாதேவியில் மண்பாண்டம் விற்கிறோம். பக்கத்துக் காருகுறிச்சியில் வனைகிற சட்டி, பானை, தோசைக்கல், மூடி எல்லாவற்றையும் வாங்கிப் பொதிந்து வெளியூருக்கு அனுப்புவது வீட்டோடு சேர்ந்த வியாபாரம். வனைந்ததைப் பார்த்து எடுப்பது அண்ணன், பொதிவது மைனி, போனில் பதில் சொல்வது நான். மண்பாண்டத்தைக் கூரியரில் அனுப்புகிறவனுக்கு இந்த மாதிரிப் படம் வருவது புதிதில்லை. ஆனால் என்ன பதில் போடுவது என்பதில் எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு அபிப்பிராயம். அன்றைக்குத்தான் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. படம் மட்டும் அனுப்புகிற வாடிக்கையாளரிடம் ‘உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்’ என்று சுருக்கமாக, மரியாதையாகக் கேட்க எது தோது, எது தோதில்லை என்பதை அந்த நாலையும் கொண்டே சொல்கிறேன்.

பதிலுக்கு முன்னால் படத்தைப் பார்க்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பதிலின் பாதி இங்கேதான் இருக்கிறது. அந்தப் படத்தை விரல் வைத்துப் பெரிதாக்கினால் முகவரிச் சீட்டில் பாதி தெரிந்தது. கோயம்புத்தூர், பின்கோடின் கடைசி மூன்று எண், கூரியர் எண்ணில் ஆறு இலக்கம். வந்த போன் நம்பரை ஆர்டர் நோட்டில் தேடினால் மீதியும் கிடைத்துவிட்டது. ஒரு பால் பானை, அதற்கு மூடி, ஒரு மீன் சட்டி. பானை 350, மூடி 60, சட்டி 280. நோட்டில் ஓரமாக என் கையெழுத்திலேயே ‘வெள்ளி, புது வீடு’ என்று குறித்திருந்தேன். ஆர்டர் கொடுக்கும்போது அந்தம்மா போனில் சொன்னது அது.

இவ்வளவும் நம் கையில் இருக்கும்போது ஆர்டர் எண் என்ன, பெயர் என்ன என்று திருப்பிக் கேட்டால், ‘உங்க படத்த நாங்க பாக்கவே இல்ல’ என்று சொன்ன மாதிரிதான்.

இன்னொன்று, படத்தில் என்ன இல்லை என்பது. அதில் பெட்டி மட்டும்தான் இருந்தது. பானை இல்லை. உடைந்த ஓடும் இல்லை. பெட்டி நசுங்கி உள்ளே பொருள் அலுங்காமல் இருந்ததும் உண்டு; பெட்டி மணப்பெண் மாதிரி போய்ச் சேர்ந்து உள்ளே சட்டி ஏழு துண்டானதும் உண்டு. மேலிருந்து கீழே போட்டால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, அதிர்ச்சி நேரே அடிப்பாகத்துக்குப் போகும். பக்கவாட்டில் மூட்டை விழுந்தால் பெட்டிதான் நசுங்கும், வைக்கோல் வாங்கிக்கொள்ளும். ஆகவே பெட்டிப் படத்தை வைத்துப் பானைக்கு என்ன ஆயிற்று என்று நாமாக முடிவுகட்டக் கூடாது.

முதலில் அண்ணன் அடித்துக் காட்டியது. அவன் முன்பு திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தவன், அங்கே படித்துக்கொண்ட நடை:

“அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். தங்கள் புகாரைப் பதிவு செய்ய ஆர்டர் எண், பெயர், முகவரி, பொருளின் நான்கு பக்கப் படங்கள் மற்றும் பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோவை 24 மணி நேரத்திற்குள் அனுப்பி வைக்கவும்.”

இதில் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. கூரியரில் இழப்புக் கேட்கப் போனால் இதெல்லாம் கேட்பார்கள். ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்; போன வருஷத்துப் படத்தையே மறுபடி அனுப்பியவர் ஒருவர் எங்களுக்கே உண்டு. ஆனால் முதல் பதிலாக இது வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அந்தம்மா புகார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாம் அதைப் புகார் ஆக்கிவிட்டோம். வீடியோ எடுத்திருக்க மாட்டார்கள், முக்கால்வாசிப் பேர் எடுப்பதில்லை. அப்போது ‘வீடியோ இல்லாட்டி ஒண்ணும் கிடையாது போல’ என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அசௌகரியத்திற்கு வருந்துகிறோம் என்பது ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் வருகிற வாக்கியம், அதைக் கேட்டு மனசு ஆறியவரை நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இவ்வளவு நீளத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, அதாவது அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது, இல்லவே இல்லை.

இந்தப் பதில் எங்கே பொருந்தும் என்றால், 5000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்த ஓட்டல்காரருக்கு, அதுவும் இரண்டாவது பதிலாக. அவருக்கும் ரசீது, கணக்கு எல்லாம் வேண்டியிருக்கும். வீட்டுக்கு ஒரு பானை வாங்கியவருக்கு இல்லை.

இரண்டாவது என்னுடையது. நான் அவசரக்காரன்:

“ஐயோ சாரி மேடம்! கவலையே படாதீங்க, இன்னைக்கே புதுசு அனுப்பிடறோம்!”

அடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. மைனி எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, என்னத்த அனுப்பப் போறீய? பானையா, சட்டியா, ரெண்டுமா? உள்ள என்ன ஆச்சுன்னே தெரியலியே” என்றாள். பதில் இல்லை என்னிடம். கணக்கும் இடித்தது. மொத்தத்தையும் மறுபடி அனுப்பினால் சரக்கு 690, கூரியர் ஏறக்குறைய 260, ஆக 950 ரூபாய். உள்ளே ஒன்றும் ஆகாமல் இருந்தால் அவ்வளவும் தண்டம். அதைவிட முக்கியம் நாள். செவ்வாய் மதியம் பொதிந்து அனுப்பினால் கோயம்புத்தூருக்கு வெள்ளி போய்ச் சேரும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சனி ஆனால் அந்தம்மாவுக்கு அந்தப் பானையால் என்ன பிரயோஜனம்? ‘புதுசு வரும்’ என்று நம்பி அவர்கள் வேறு பானை வாங்காமல் இருந்துவிட்டால், பெட்டியை நசுக்கியது கூரியர், விசேஷத்தைக் கெடுத்தது நான் என்று ஆகியிருக்கும்.

கேட்காமல் வாக்குக் கொடுப்பது தாராளம் போலத் தெரியும். உண்மையில் அதில் எதிராளிக்கு இடமே இல்லை. என் குற்ற உணர்ச்சியைத் தீர்த்துக்கொள்கிற வேலைதான் அது. படத்தில் நிஜமாகவே ஓடாகக் கிடந்தால், விசேஷம் எதுவும் இல்லை என்று தெரிந்தால், பொருளும் ஒன்றே ஒன்றுதான் என்றால், இந்தப் பதில் சரி. மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம்.

என்னுடைய பழைய பதில் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதைத்தான் போடுகிறார்கள். “சொல்லுங்க, என்ன வேணும்?” மூன்றே வார்த்தை. சுருக்கம் என்று பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. கேட்க வேண்டியதையும் நேரே கேட்கிறது. ஆனால் தமிழில் ‘என்ன வேணும்’ என்பது வாசலில் வந்து நின்ற ஆளைக் கேட்பது. கடையில் நேருக்கு நேர் நிற்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும், குரல் இருக்கும். அதனால் அங்கே அது சரியாகிவிடும். எழுத்தில் அந்த இரண்டும் போய்விடும். உடைந்த பெட்டியைக் காட்டுகிறவரிடம் ‘என்ன வேணும்’ என்றால் ‘இதுக்கு நான் என்ன பண்ண’ என்று காதில் விழும். ஒருவர் எனக்கு, “எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார்” என்று பதில் போட்டுவிட்டு அதன்பின் ஆர்டர் கொடுக்கவே இல்லை. அது பதில் இல்லை, கோபம் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அதே கேள்வியை ‘எப்படிச் செஞ்சா உங்களுக்கு வசதி?’ என்று மாற்றினால் காரியமே மாறிவிடுகிறது. வேண்டும் என்ற சொல்லில் வாடிக்கையாளர் கையேந்துகிறார். வசதி என்ற சொல்லில் செய்யப்போவது நாம் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது, எப்படி என்பது மட்டும்தான் பாக்கி. ஒரு சொல்தான் வித்தியாசம்.

அம்மாவுக்கு எழுத்தே பிடிக்காது. “ஏல, போனப் போட்டு ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சுது. இதுக்கு ஏன் நாலு பேரு உக்காந்து எழுதுதிய?” அம்மா சொல்வதில் பாதி சரி. வயசானவர்களுக்கு, தமிழோ ஆங்கிலமோ தட்டச்சு வராமல்தான் படம் மட்டும் அனுப்புகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, போன்தான் நல்லது. ஒரே நாளில் ஆறு படம் வரிசையாக அனுப்பிக் கொதித்துக்கொண்டிருப்பவருக்கும் போன்தான். எழுத்தில் அவர் மேலும் கொதிப்பார், குரலில் கொஞ்சம் இறங்குவார்.

மீதிப் பாதியில் சிக்கல் இருக்கிறது. காலை 11 மணிக்கு அலுவலகத்தில் இருக்கிறார்களா, பஸ்ஸில் இருக்கிறார்களா என்று தெரியாது. போன் அடித்ததும் கேட்டால் என்ன வேண்டும் என்று யோசிக்க நேரம் இருக்காது. கூச்சத்தில், “பரவால்லங்க, விடுங்க” என்று சொல்லி வைத்துவிடுவார்கள். வைத்த பிறகு வருத்தப்படுவார்கள். பிறகு என்ன பேசினோம் என்பதற்கு இரண்டு பக்கமும் தடயம் கிடையாது. கூரியரில் கேட்கும்போதும், வாடிக்கையாளர் நினைப்புக்கும் நம் நினைப்புக்கும் வித்தியாசம் வரும்போதும், எழுதிய ஒரு வரி ரொம்ப உதவும். குரல் பதிவாக அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம், ஆனால் நாலு பேர் நடுவே இருக்கிறவர் அதைப் போட்டுக் கேட்க மாட்டார், சாயங்காலம் ஆகிவிடும்.

கடைசியில் போனது மைனி சொன்னது. அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்:

“வணக்கம் மா. படம் பாத்தோம். பெட்டி ஒரு பக்கம் நல்லா நசுங்கி, டேப்பும் விட்டிருக்கு. இப்படி வந்து சேந்தது எங்களுக்கும் வருத்தமா இருக்கு. உள்ள பானை, சட்டி எப்படி இருக்கு? மாத்தி அனுப்பட்டுமா, பணத்தத் திருப்பித் தரட்டுமா, இல்ல வேற எப்படிச் செஞ்சா உங்களுக்கு வசதின்னு சொல்லுங்க. பெட்டிய மட்டும் இன்னைக்குத் தூக்கிப் போட்டுடாதீங்க.”

சுருக்கம் என்று பார்த்தால் இது ‘சொல்லுங்க, என்ன வேணும்’ என்பதைவிட நீளம்தான். ஆனால் போன் திரையில் மேலே தள்ளாமல் ஒரே பார்வையில் படித்துவிடலாம். எனக்கு அதுதான் சுருக்கத்துக்கு அளவு.

‘நசுங்கி, டேப்பும் விட்டிருக்கு’ என்று படத்தில் இருந்ததை அப்படியே திருப்பிச் சொன்னது வீண் இல்லை. இயந்திரப் பதில் இல்லை, ஒரு ஆள் பார்த்திருக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. படத்தில் இல்லாத ஒன்றை, அதாவது பானை உடைந்தது என்று, சொல்லவும் இல்லை. இதில் மைனிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. “பால் காய்ச்சுத பானைய உடஞ்சதுன்னு நம்ம வாயால சொல்லக் கூடாது” என்றாள். நம் ஊர்ப் பக்கம் பானை உடைவது எந்தச் சடங்கோடு சேர்ந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். புது வீட்டுக்குப் போகிறவர்களிடம் அந்தச் சொல்லை நாமாக எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. எப்படி இருக்கு என்று கேட்டால் போதும், உடைந்திருந்தால் அவர்களே சொல்வார்கள்.

‘அம்மா’ என்ற விளி பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்டர் கொடுத்தபோது பேசிய குரல் தெரியும் என்பதால் அம்மா போட்டோம். குரல் தெரியாத, பெயரும் தெரியாத நம்பர் என்றால் வெறும் வணக்கம் போதும். ஆண் என்றால் நமக்கு வாயில் வருவது அண்ணாச்சி, அது இங்கே மரியாதை. அதையே சென்னைக்காரருக்கு எழுதினால் நம்மை மளிகைக்கடைக்காரர் என்று அவரும், அவரை மளிகைக்கடைக்காரர் என்று நாமும் நினைத்த மாதிரி ஒரு குழப்பம் வரும். வெளியூருக்குச் சார் தான் பத்திரம். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் சார் தான்.

இனி நடுவில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நானும் மைனியும் அதில்தான் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினோம். நான் சொன்னது, மாற்றித் தரவா பணம் தரவா என்று நாமாக ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும், ‘எப்படிச் செய்யட்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் போதாதா? பணம் என்ற சொல்லை நாம் சொன்னால்தானே அவர்களுக்குப் பணம் ஞாபகம் வரும்.

பொதுவாகக் கேட்டுப் பார்த்திருக்கிறோம். பத்துப் பேரில் பாதிப் பேர் சொல்கிற பதில், “பாத்து செய்ங்க.” திருநெல்வேலிச் சீமையில் வியாபாரம் செய்கிற எல்லாருக்கும் இந்தப் பதில் தெரியும். மரியாதையான பதில், ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மாற்றி அனுப்பினால் ‘பணம் தந்திருக்கலாம்’ என்று தோன்றும், பணம் போட்டால் ‘பானைதான் கேட்டேன்’ என்று தோன்றும். வாயால் சொல்ல மாட்டார்கள், மனசில் வைத்துக்கொள்வார்கள். பணம் திரும்பக் கேட்பது நம் ஆட்களுக்கு ரொம்பக் கூச்சம். கடைக்காரரே எடுத்துச் சொன்னால்தான் அந்தக் கூச்சம் விலகும். சொல்லாமல் விட்டு மிச்சம் பிடிக்கிற காசு கொஞ்ச நாளில் வாடிக்கையாளரோடு போய்விடும்.

ஆனால் இரண்டை மட்டும் வைத்து நிறுத்தினால் அதுவும் தப்பு. இதுவா அதுவா என்றால் மூன்றாவதாக ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பவர் வாயை மூடிக்கொள்வார். அதற்குத்தான் ‘வேற எப்படிச் செஞ்சா வசதி’ என்ற வால். அன்றைக்கு அந்த வால்தான் காப்பாற்றியது.

நாலு நிமிஷத்தில் பதில் வந்தது. பெட்டியை அப்போதுதான் திறந்திருக்கிறார்கள். சட்டிக்கு ஒன்றுமில்லை. மூடியில் ஒரு ஓரம் விரலகலத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. பானை முழுசாக இருக்கிறது, ஆனால் வயிற்றில் ஒரு கோடு தெரிகிறது. அது வனைந்த கோடா, விரிசலா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசி வரி இது: “பணம்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமை இதுல பால் காய்ச்சலாமா, அத மட்டும் சொல்லுங்க.”

அண்ணன் எழுதியதிலும் நான் எழுதியதிலும் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அவர்கள் படம் அனுப்பியது நஷ்டஈட்டுக்கு இல்லை, பயத்தில்.

இதற்கு மைனி பதில் சொன்னாள், நான் அடித்தேன். பானையைத் துணி மேல் வைத்து விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல பானை ‘டங்’கென்று நீண்டு ஒலிக்கும், விரிசல் இருந்தால் ‘டப்’பென்று அடைத்த மாதிரி நின்றுவிடும். பிறகு வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுக் கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பிக் காய்ந்த தரையில் ஒரு ராத்திரி வையுங்கள். புதுப் பானை என்பதால் உடம்பு முழுக்கக் கசிந்து ஈரமாகத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். மற்ற இடமெல்லாம் லேசாக ஈரமாக இருக்க, அந்தக் கோட்டில் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து வழிந்தால் அது விரிசல், அடுப்பில் ஏற்றக் கூடாது. கோடு மற்ற இடம் மாதிரியே இருந்தால் சக்கரத்தில் கை விட்ட தடம்தான்.

புதன்கிழமை காலை படம் வந்தது. பானை முழுக்க ஒரே மாதிரி ஈரம், கோட்டில் தனியாக ஒன்றுமில்லை. இந்தத் தடவை படத்துக்குக் கீழே எழுத்தும் இருந்தது: “டங்குன்னு கேக்குது.” அன்றைக்கே தண்ணீரைக் கொட்டிவிட்டு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சிப் பழக்கச் சொன்னோம். வியாழன் ஒரு தரம், வெள்ளிக்குத் தயார். மூடிக்கு விசேஷத்தன்று ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மூடி மட்டும் பொதிந்து அனுப்பினோம், 60 ரூபாய் மூடிக்குக் கூரியர் 90. நான் அன்றைக்கு அவசரப்பட்டு வாக்குக் கொடுத்திருந்தால் 950.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்ற கடைசி வரி இருக்கிறதே, அதை எடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டான். சுருக்கத்துக்காக எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், இதை எடுக்க முடியாது. உடைந்த மண்பாண்டத்தை வீட்டுக்குள் வைத்திருக்க நம் ஆட்கள் விரும்ப மாட்டார்கள், மத்தியானத்துக்குள் குப்பைக்குப் போய்விடும். அதோடு பெட்டியும் சீட்டும் போய்விட்டால் கூரியரிடம் நாம் எதைக் காட்டிக் கேட்பது? அண்ணன் கேட்ட நாலு பக்கப் படமும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. பெட்டி அங்கே இருந்தால் பிறகு, வாடிக்கையாளர் மனசு ஆறியதும், தேவைப்பட்டால் நிதானமாகக் கேட்டு வாங்கலாம்.

எவ்வளவு நேரத்துக்குள் பதில் போக வேண்டும் என்று ஒரு கேள்வி உண்டு. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில், குறைதீர்ப்பு அலுவலர் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்தது என்று தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. எழுத்தே இல்லாத படம் புகாரா என்று வாதாடலாம். நான் புகார் என்றே எடுத்துக்கொள்வேன். ஆனால் நடைமுறையில் 48 மணி நேரம் ரொம்ப நீளம். நாம் படத்தைத் திறந்ததும் அங்கே நீல டிக் விழுந்துவிடும். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்று அங்கே கணக்கு ஓட ஆரம்பிக்கும். அதனால் நோட்டைத் தேட நேரம் ஆகும் என்றால், “படம் பாத்தோம் மா, பத்து நிமிஷத்துல எழுதுதோம்” என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தேடுவேன். எழுதும்போதே ‘எழுதுதோம்’ என்று வந்துவிட்டது. வெளியூர்க்காரருக்கு ‘எழுதறோம்’ என்று மாற்றிக்கொள்வது வழக்கம், சில நேரம் மறந்துபோகும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சில படங்களுக்கு மைனியின் பதிலும் அப்படியே பொருந்தாது. படத்தில் பானை ஏழெட்டு ஓடாகக் கிடக்கிறது என்றால், ‘உள்ள எப்படி இருக்கு’ என்று கேட்பது குருட்டுத்தனம். அந்த வரியை எடுத்துவிட்டு, ‘பானை முழுசும் போயிருக்கு’ என்று நாமே சொல்லிவிட வேண்டும். கூரியர் ஆள் வாசலில் நிற்கும்போதே படம் எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. படத்தில் பெட்டி வீட்டுத் தரையில் இல்லாமல் ஆள் கையிலோ வண்டி மேலோ இருந்தால் அதுதான். அவர்கள் கேட்பது மாற்றவா பணமா என்பது இல்லை, வாங்கவா வேண்டாமா என்பது. அப்போது எழுதிக்கொண்டிருக்காமல் அம்மா சொன்ன மாதிரி உடனே போன் போட்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் பெட்டி சேதம் என்று எழுதிவிட்டு வாங்கச் சொல்கிறோம். எழுத விடாவிட்டால் அந்த ஆளும் பெட்டியும் தெரிய ஒரு படம்.

மைனியின் பதிலை இப்போது போனில் சேமித்து வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதிலாக வைத்துக்கொண்டால் `/box` என்று அடித்து, காட்டுகிற பதிலைத் தொட்டதும் முழுசும் வந்து நிற்கும். ஆனால் ‘பெட்டி’ என்று தொடங்குகிற வரியை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் படத்தைப் பார்த்து நானே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறேன். போன வாரம் அவசரத்தில் அந்த வரியை எழுதாமலே அனுப்பிவிட்டேன். படத்தில் இருந்தது பெட்டியே இல்லை, புது வீட்டு அடுப்பில் பொங்கி வழிகிற பால். கோயம்புத்தூர் அம்மாதான். “உள்ள பானை, சட்டி எப்படி இருக்கு?” என்ற என் கேள்விக்கு, “நல்லா இருக்கு தம்பி, நீங்க எப்படி இருக்கீங்க?” என்று பதில் வந்தது.